மதியம் 4450, ராத்திரி 4625: ஒரே கேம், ஒரே செட்டிங், என் 5800எக்ஸ் கதை

கொடுங்கையூர் மாடி ரூம்

நம்ம ஏரியா ஆளுங்களுக்குப் பயன்படும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

மெஷின்: ரைசன் 7 5800எக்ஸ், ஒரே ஃபேன் வச்ச 120 எம்எம் டவர் கூலர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேஸ். இருக்கிறது மொட்டைமாடி ரூம், மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஏசி கிடையாது.

மே மாசம் ஆரம்பிச்சதுல இருந்து சைபர்பங்க் 2077-ல மார்க்கெட் பக்கம் கூட்டத்துக்குள்ள போனாலே மதியத்துல இழுக்குது. ராத்திரி பதினோரு மணிக்கு அதே சேவ் ஃபைலை ஓட்டினா நல்லா போகுது. முதல்ல கேம் அப்டேட்ல ஏதோ கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். டிரைவர் மாத்தினேன், விண்டோஸையே புதுசாப் போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை அதுலயே போச்சு.

அப்புறம்தான் சிப்போட சூடு, கிளாக் எல்லாம் காட்டுற HWiNFO64-ஐ ஓட விட்டு லாக் எடுத்தேன். அதே இடத்துல இருபது நிமிஷம் சும்மா சுத்தினேன். மதியம் ரெண்டு மணிக்கு ரூம் 37 டிகிரி (சுவத்துல மாட்டுற சின்ன மீட்டர்தான், ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாம்). சிப் 90 டிகிரியில ஒட்டிக்கிட்டு நிக்குது, கிளாக் 4450 மெகாஹெர்ட்ஸ் பக்கம். ராத்திரி ரூம் 31. சிப் 84, கிளாக் 4625.

ரெண்டு தடவையும் சிப் இழுத்தது கிட்டத்தட்ட 92 வாட்தான். இதுதான் எனக்குப் புரியல. 142 வாட் வரைக்கும் போக அதுக்கு அனுமதி இருக்கே? அப்புறம் ஏன் குறையுது?

ஓட்டேரி ஓவர்கிளாக்

தலைவா, இதுக்கு இவ்ளோ யோசிக்கணுமா? பவர் லிமிட்தான் எமன். பயாஸுக்குள்ள போ, லிமிட்டைத் தளர்த்தி விடற பிபிஓ-வை ஆன் பண்ணு, லிமிட்டை எல்லாம் மேல தூக்கி விடு. முடிஞ்சது.

என் கதையைக் கேளு. ஐ7-12700, போர்டு பட்ஜெட் எச்610. கேம் ஆரம்பிச்சதும் 4.5 கிகாஹெர்ட்ஸ்ல பறக்கும். அரை நிமிஷம்கூட ஆகாது, பொத்துனு 3.9-க்கு விழும். சிப் 68 டிகிரிதான், சூடே கிடையாது. பாத்தா போர்டு 65 வாட்டுக்குப் பிடிச்சு வச்சிருக்கு. பயாஸ்ல அந்த வாட் லிமிட்டை, அதாவது `PL1`-ஐ, 125-க்கு ஏத்தினேன், விழறது நின்னுச்சு. உனக்கும் அதேதான்.

திருவொற்றியூர் அக்கா

எங்க தெருவுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லோ வோல்டேஜ். ஃபேன் மெதுவா சுத்தும், டியூப் லைட் விட்டு விட்டு எரியும். பையன் கம்ப்யூட்டர் கேம்ல ஸ்லோ ஆகுதுன்னு கத்தறான். நீங்க சொல்ற பவர் லிமிட் இதுதானா தம்பி? இபி-ல லோடு ஏத்திக் குடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தா சரியாகுமா? ஸ்டெபிலைசர் வாங்கணுமா?

ராயபுரம் சர்வீஸ் பெஞ்ச்

அக்கா, இது வேற பவர். கரண்ட் கொஞ்சம் குறைஞ்சு வந்தாலும் உள்ள இருக்கிற எஸ்எம்பிஎஸ் சிப்புக்கு வேண்டியதைச் சரியாக் குடுத்துடும். 100-ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் வாங்கிக்கிறதுதான் இப்ப நிறைய வருது, உங்க பாக்ஸ் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், பாருங்க. வோல்டேஜ் ரொம்பக் கீழ போனா மெஷின் அணைஞ்சு போகும், இல்ல ரீஸ்டார்ட் ஆகும். அணையாம மெதுவா மட்டும் ஓடினா காரணம் வேற. பையன் மெஷினோட பக்கத்து மூடியைக் கழட்டி ஒரு போட்டோ போடுங்க, பாக்கலாம்.

இப்ப கொடுங்கையூர் தம்பிக்கு. ஓட்டேரி சொன்னது அவர் மெஷினுக்குச் சரி, உங்களுக்குப் பொருந்தாது. அவர் சிப்பு 65 வாட் கோட்டுல போய் முட்டுது. இன்டெல்ல அந்தக் கோட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓட விடுவான். அந்த 12700-க்கு 180 வாட் வரைக்கும், வழக்கமா 28 செகண்ட் கணக்கு. அது முடிஞ்சதும் இழுத்துப் பிடிப்பான். அதனாலதான் சிப் ஜில்லுனு இருக்கும்போதே கிளாக் விழுந்துச்சு.

உங்க சிப்பு பவர் கோட்டைத் தொடவே இல்ல. அது முட்டுறது 90 டிகிரியில. 5800எக்ஸுக்கு அதுதான் உச்சம்.

இன்னொண்ணும் இருக்கு. 90-ஐத் தொட்டதும் திடீர்னு பிரேக் போடுதுன்னு நினைக்காதீங்க. ரைசன் அதுக்கு முன்னாடியே, சூடு ஏற ஏற 25 மெகாஹெர்ட்ஸ் படி படியா இறங்கிக்கிட்டே வரும். ராத்திரி 84-லகூட உங்களுக்கு முழுசாக் கிடைக்கல பாருங்க. அந்த சிப்பு 4700 வரைக்கும் போகக்கூடியது. சூடான சிப்புக்கு எவ்வளவு வோல்டேஜ் குடுக்கலாம்கிறதையும் அதுவே குறைச்சு வச்சுக்கும், வோல்டேஜ் குறைஞ்சா கிளாக்கும் இறங்கித்தான் ஆகணும். அதோட சிலிக்கான் சூடாச்சுன்னா கரண்ட் கசிவும் அதிகம். வேலையே செய்யாத கரண்ட் அது, வெறும் சூடாத்தான் வெளிய வரும். உங்க லாக்லயே அது தெரியுது: மதியம் கிளாக் 175 குறைஞ்சும் வாட் குறையல. குறைச்சலா ஓடி, அதே கரண்டைத் தின்னிருக்கு.

ரூம் 6 டிகிரி ஏறினா சிப்பும் கிட்டத்தட்ட 6 ஏறும். கூலரால காத்தைவிடக் கீழ கொண்டுபோக முடியாது. யூடியூப்ல ஏசி ரூம்ல 22 டிகிரியில வச்சு டெஸ்ட் பண்ணி 72 டிகிரின்னு காட்டுறதை, நம்ம ஊர் மே மாசத்துக்கு 87-னு படிச்சுக்கணும்.

ஒண்ணு பண்ணுங்க. எதையும் வாங்காதீங்க. பக்கத்து மூடியைக் கழட்டிட்டு அதே இடத்துல இருபது நிமிஷம் ஓட்டி நம்பர் சொல்லுங்க.

கொடுங்கையூர் மாடி ரூம்

முதல்ல ஓட்டேரி அண்ணன் சொன்னதைத்தான் செஞ்சேன், ஆசை யாரை விட்டுச்சு. பிபிஓ ஆன். மதிய டெஸ்ட்ல மூணாவது நிமிஷமே 90 டிகிரி, கிளாக் அதே 4450. ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட ஏறல. ஆஃப் பண்ணிட்டேன்.

அடுத்து சர்வீஸ் அண்ணன் சொன்னது. மூடியைக் கழட்டினதும் 90-ல இருந்து 82-க்கு இறங்குச்சு. கிளாக் 4600. அஞ்சு பைசா செலவில்ல!

ராயபுரம் சர்வீஸ் பெஞ்ச்

அப்ப கூலர் மேல பெரிய குத்தமில்ல, கேஸுக்குள்ள காத்து வரலை. கிராபிக்ஸ் கார்டு 200 வாட்டுக்கு மேல சூட்டை உள்ளயே கக்கும், அந்தக் காத்தைத்தான் சிப் கூலர் திரும்ப இழுக்குது. முன்பக்கம் கழட்டிப் பாருங்க. ஃபில்டர் இருக்கும்.

கொடுங்கையூர் மாடி ரூம்

ஃபில்டர் இருக்குன்னே எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா புளோயர் வச்சு வெளியில இருந்து அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

கழட்டினா வலையே தெரியல. கம்பளித் துண்டு மாதிரி சாம்பல் கலர்ல ஒரு படலம். நகத்தால சுரண்டினா அப்பளம் மாதிரி துண்டா வருது, கையில பிசுபிசுங்குது. கடல் காத்து ஈரமும் குப்பைமேட்டுப் புகையும் சேர்ந்து ஒட்டிக்கிட்ட தூசி. அதான் புளோயருக்கு அசையவே இல்ல. பாத்திரம் விளக்குற சோப்பு போட்டு வாளித் தண்ணியில ஊற வச்சேன், மூணு தண்ணி மாத்தினேன், மூணாவதும் கறுப்பாத்தான் போச்சு. ராத்திரி முழுக்கக் காய வச்சு மாட்டினேன்.

முன்கண்ணாடிக்கும் கேஸுக்கும் நடுவுல விரல் நுழையற சந்துதான் இருந்துச்சு. ஸ்க்ரூவுக்கு அடியில நட்டு ரெண்டு ரெண்டா குடுத்து வெளிய தள்ளிட்டேன். பாக்க அசிங்கமாத்தான் இருக்கு. மூடி போட்டே மதியம் 83, கிளாக் 4600.

ராயபுரம் சர்வீஸ் பெஞ்ச்

நல்லது. இப்ப பயாஸ்ல பிபிஓ மெனுவுக்குள்ள `Curve Optimizer` இருக்கும். எல்லா கோருக்கும் நெகட்டிவ் 15 குடுங்க. லிமிட் எதையும் ஏத்தாதீங்க. அதே கிளாக்குக்கு வோல்டேஜ் குறையும், சூடு குறையும், அந்த மிச்சத்துல கிளாக் தானா ஏறும்.

கொடுங்கையூர் மாடி ரூம்

15-ல எந்தப் பிரச்சினையும் இல்ல. பேராசையில 30 வச்சேன். கேம் மூணு மணி நேரம் அருமையா ஓடுச்சு. ராத்திரி டவுன்லோடு போட்டுட்டுத் தூங்கினேன், காலையில பாத்தா மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆகி நிக்குது. ரெண்டு நாள் இதே கூத்து. கேம்ல ஒண்ணும் ஆகல, சும்மா இருக்கும்போதுதான் போகுது.

ராயபுரம் சர்வீஸ் பெஞ்ச்

அது அப்படித்தான் காட்டும். லோடு இல்லாதப்போதான் ஒத்தை கோர் உச்சத்துக்குத் தாவும். அங்க வோல்டேஜ் பத்தலைன்னா விழுந்துடும். அதனால மூணு மணி நேரம் கேம் ஓடினதை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. நல்ல கோர்னு சிப்பே காட்டுற ரெண்டுக்குக் குறைச்சலா வைங்க, மத்ததுக்கு 20 போதும்.

கொடுங்கையூர் மாடி ரூம்

ரெண்டு கோருக்கு 10, மத்ததுக்கு 20. ஒன்பது நாள் ஆச்சு, ரீஸ்டார்ட் இல்ல. நேத்து மதியம், ரூம் 37: சிப் 78, கிளாக் 4675, இழுக்கறது 84 வாட்.

சராசரி ஃபிரேம் 92-ல இருந்து 96 ஆச்சு, அவ்வளவுதான். கிளாக் அஞ்சு சதவீதம் ஏறினா ஃபிரேமும் அந்த அளவுதானே ஏறும். மார்க்கெட்ல இழுத்தது மட்டும் சுத்தமாப் போச்சு. அது கிளாக்காலயா, இல்ல ஃபில்டர் கழுவினதுல கிராபிக்ஸ் கார்டும் 6 டிகிரி இறங்கினதாலயான்னு தெரியல. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினது என் தப்பு.

ஓட்டேரி ஓவர்கிளாக்

சரி சரி, ஒத்துக்கறேன். ஆனா எனக்கு இப்ப புதுத் தலைவலி. 125 வாட் வச்சதுல இருந்து முதல் பத்து நிமிஷம் 4.5, அப்புறம் 3.6. முன்னாடி 65 வாட்ல இருந்ததைவிடக் கேவலம். சிப் 74 டிகிரிதான். பவர் லிமிட்டும் முட்டல, சூடும் முட்டல. என்னய்யா இது?

ராயபுரம் சர்வீஸ் பெஞ்ச்

போர்டுல சிப்புக்குப் பக்கத்துல இருந்து அதுக்கு வேண்டிய வோல்டேஜை மாத்திக் குடுக்கிற விஆர்எம் மேல சந்தேகம். பட்ஜெட் போர்டுல அது மேல அலுமினியக் கட்டிகூட இருக்காது. அது வெந்து போச்சுன்னா போர்டே சிப்பை அடக்கச் சொல்லும். மூடியைக் கழட்டி, டேபிள் ஃபேனை அந்த இடத்துக்கு நேரா வச்சு அரை மணி நேரம் ஓட்டுங்க. விழலைன்னா அதுதான். அப்புறம் 125-ஐ 90-க்கு இறக்குங்க.

ஓட்டேரி ஓவர்கிளாக்

டேபிள் ஃபேன் பாட்டி ரூம்ல இருக்கு. மதியம் கேட்டா அடிதான் விழும். சாயங்காலம் கோயிலுக்குப் போனதும் பாக்கறேன்.

திருவொற்றியூர் அக்கா

போட்டோ போட்டிருக்கேன் தம்பி. மெஷினை மர டேபிளோட கீழ் அறையில கதவு மூடித்தான் வச்சிருக்கான். பின்னாடி கையே நுழையல. கதவைத் திறந்து வச்சு விளையாடச் சொல்லட்டுமா?