அப்பாவுக்கு ராத்திரியில் மட்டும் மூக்கடைப்பு: ஹியூமிடிஃபையர் வாங்கலாமா?

சிப்புட் மகள்
வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 63. செம்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் சளி பிடித்தது. காய்ச்சலும் இருமலும் போய்விட்டன, மூக்கடைப்பு மட்டும் போகவில்லை. பகலில் ஓரளவு பரவாயில்லை. படுத்துப் பத்து நிமிடத்தில் இரண்டு துளையும் மூடிக்கொள்ளும், வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறார். காலையில் எழுந்தால் தொண்டை காய்ந்து, பேச்சே வருவதில்லை. அறையில் ஏர்கோன் 20ல் ஓடுகிறது. ஏர்கோன் காற்றைக் காய வைப்பதால்தான் இப்படி என்று நினைத்து, 120 வெள்ளியில் ஒரு ஹியூமிடிஃபையர் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? தலையணையை உயர்த்தினால் போதுமா?

கம்பார் அண்ணன்
வாங்காதீர்கள் தங்கச்சி. நாங்கள் வாங்கி இரண்டு மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை. நம் ஊர்க் காற்றே ஈரம்தான். அப்பாவுக்கு மூன்று தலையணை போட்டுப் படுக்கச் சொல்லுங்கள், தலை மேலே இருந்தால் சளி கீழே இறங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

மெல்பர்ன்வாசி
எல்லா இடத்துக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் எங்கள் அறையில் ஈரப்பதம் 30க்கும் கீழே போய்விடும், மூக்கில் ரத்தம் கட்டி நிற்கும். ஹியூமிடிஃபையர் வைத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினோம். ஏர்கோன் அறையும் அப்படித்தானே?

பழைய டிரெசர்
தோட்டத்து கிளினிக்கில் முப்பது வருடம் இருந்தவன் நான். மெல்பர்னில் அவர் சொல்வது சரி. ஹீட்டர் அறைக் காற்று உண்மையிலேயே காய்ந்த காற்று, அங்கே அந்தச் சாமானுக்கு வேலை இருக்கிறது. நம் ஏர்கோன் அறை வேறு. வெளியில் இருக்கும் 80, 85 சதவீத ஈரத்தை ஏர்கோன் குறைக்கிறது, ஆனால் பெரும்பாலும் 50, 60க்குத்தான் கொண்டு வருகிறது. மூக்குக்கு அது வறட்சி அல்ல.

ஊகம் வேண்டாம் அம்மா, அளந்து பாருங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி இருபது வெள்ளிக்குக் கிடைக்கும். தலைமாட்டில், ஏர்கோன் நேராக வீசாத இடத்தில் வையுங்கள். படுக்கும்போது ஒரு தடவை, விடியற்காலை நாலு மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதுங்கள். 40க்குக் கீழே காட்டினால் ஹியூமிடிஃபையரைப் பற்றிப் பேசலாம். 50க்கு மேல் இருந்தால் அது வீண் செலவு. 60ஐத் தாண்டி ஈரம் ஏற்றினால் மெத்தையில் தூசிப்பூச்சியும் சுவரில் பூஞ்சையும் பெருகும், ஒவ்வாமை உள்ளவருக்கு அடைப்பு இன்னும் கூடும்.

காலையில் தொண்டை காய்வதை வைத்துக் காற்று காய்ந்திருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மூக்கு மூடியதால் வாயால் மூச்சு விடுகிறார், அதனால் தொண்டை காய்கிறது. எத்தனை சதவீத ஈரம் இருந்தாலும் வாயால் மூச்சு விட்டால் காயத்தான் செய்யும்.

இன்னொன்று கேட்கிறேன். மூக்கில் ஏதாவது ஸ்பிரே அடிக்கிறாரா? அடித்தால் அதன் பெயர் என்ன, எத்தனை நாளாக?

இரண்டு குழந்தை அம்மா
எங்கள் ஐந்து மாதக் குழந்தைக்கும் இதேதான், ராத்திரி மூக்கு அடைத்து அழுகிறது. தலைக்கு ஒரு தலையணை வைக்கலாமா? கற்பூரத் தைலம் தடவலாமா?

பழைய டிரெசர்
வேண்டாம் அம்மா, இரண்டுமே வேண்டாம். குழந்தைக்குப் பெரியவர்களின் வழி பொருந்தாது. தலையணையோ சாய்வோ இல்லாமல், சமமான கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சாய்த்துப் படுக்க வைத்தால் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சு அடைபடலாம். கற்பூரம் கலந்த தைலம் இரண்டு வயதுக்குள் கூடாது. பால் கொடுக்கும் முன் உப்பு நீர்த் துளி விட்டு, மூக்கு உறிஞ்சியால் மெதுவாக எடுங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, வேக வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போனாலோ காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சிப்புட் மகள்
ஐயா, இரண்டு நாள் அளந்தேன். இரவு பத்து மணிக்கு 81, ஏர்கோன் போட்டு இரண்டு மணி நேரத்தில் 58, விடியற்காலை நாலு மணிக்கு 56. அதனால் ஹியூமிடிஃபையர் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

ஸ்பிரே விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அவர் தலையணைக்கு அடியில் பார்த்தேன், ஆக்ஸிமெட்டாசோலின் என்று எழுதிய பாட்டில் இருக்கிறது. சளி பிடித்த முதல் வாரத்தில் பார்மசியில் வாங்கினாராம். இப்போது ராத்திரியில் மூன்று தடவை அடிக்கிறார். அடித்தால் உடனே திறக்கிறது, மூன்று மணி நேரத்தில் மறுபடி மூடுகிறது. மூன்று தலையணையும் போட்டோம். கழுத்து வலிதான் வந்தது.

பழைய டிரெசர்
இதைத்தான் நினைத்தேன். அந்த ஸ்பிரே மூக்கின் உள்சவ்வில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் உடனே திறக்கிறது. ஆனால் மூன்று நாளைக்கு மேல் அடித்தால், மருந்தின் வேகம் இறங்கும்போது குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கிக்கொள்ளும். அதை அடக்க மறுபடி அடிப்பார், மறுபடி வீங்கும். மூன்று வாரமாக அடிக்கிறார் என்றால் இப்போதிருக்கும் அடைப்பில் பெரும்பகுதி சளியால் வந்ததாக இருக்காது, ஸ்பிரே உண்டாக்கியதாகத்தான் இருக்கும். ஒரு தடவை அடித்தால் ராத்திரி முழுக்கத் தாங்க வேண்டியது இப்போது மூன்று மணி நேரம்தான் தாங்குகிறது என்பதே அதற்கு அடையாளம்.

நிறுத்தத்தான் வேண்டும். ஒரே நாளில் இரண்டு பக்கமும் நிறுத்தினால் பல பேர் பாதி ராத்திரியில் தோற்றுப்போவார்கள். ஒரு துளைக்கு மட்டும் முதலில் நிறுத்தி, அது தானாகத் திறந்த பிறகு மற்றதை நிறுத்துவது எங்கள் கிளினிக்கில் பலருக்கு எளிதாக இருந்தது. முதல் நாலைந்து நாள் மோசமாகத்தான் இருக்கும், ஓரிரு வாரத்தில் தணியும். இதற்கிடையில் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே உதவும், ஆனால் அதைக் கிளினிக்கில் கேட்டுத் தொடங்குங்கள். அது அன்றைக்கே வேலை செய்யாது, தினமும் அடித்துச் சில நாள் ஆக வேண்டும். அடிக்கும்போது நடுச்சுவரைப் பார்த்து அடிக்காமல் காதுப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால், மூக்கடைப்புக்கு என்று விற்கும் சூடோஎஃபெட்ரின் மாத்திரையைத் தானாக வாங்கிப் போட விடாதீர்கள், அழுத்தத்தை ஏற்றும்.

இப்போது தலையணைக்கு வருகிறேன். கம்பார் அண்ணன் சொன்ன உயரம் சரி, காரணமும் வழியும் சரியில்லை. படுத்தால் தலைக்கு ரத்தம் அதிகமாக வந்து தேங்கி மூக்கின் உள்சவ்வு வீங்குகிறது. சளி இறங்காததைவிட இந்த வீக்கம்தான் பெரிய காரணம். அதைக் குறைக்க நெஞ்சும் தலையும் சேர்ந்து உயர வேண்டும். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கும், தாடை நெஞ்சில் இடிக்கும், நெஞ்சு கீழேயே கிடக்கும். ஆப்பு வடிவத்தில் ஸ்பாஞ்ச் தலையணை விற்கிறார்கள், இடுப்புக்கு மேலிருந்து சரிவாக ஏறும், அது நல்லது. அது கிடைக்காவிட்டால் கட்டிலின் தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் அடியில் ஆறு அங்குல மரக்கட்டை வையுங்கள். கட்டை நழுவாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். சரிவு லேசாகத்தான் இருக்கும், ஆனால் கழுத்து நேராக இருக்கும். பக்கவாட்டில் படுத்தால் கீழ்ப்பக்கத் துளை அடைத்துக்கொள்ளும், அதனால் அதிகம் அடைக்கும் பக்கம் மேலே வரும்படி படுக்கச் சொல்லுங்கள்.

பீடோர் அக்கா
ஈரக் காற்று வேண்டும் என்றால் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாமே? என் மாமியார் மஞ்சள் கொம்பைச் சுட்டு அந்தப் புகையை முகரச் சொல்வார். எங்கள் வீட்டில் அப்படித்தான் சரியானது.

பழைய டிரெசர்
ஆவி அந்தக் கால் மணி நேரத்துக்கு இதமாக இருக்கும், அதற்கு மேல் நிற்காது. கொதிக்கும் சட்டியை மடியில் வைத்துச் சுட்டுக்கொண்டவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன், குழந்தைகளுக்கும் கூட. வெந்நீரில் குளித்துவிட்டுப் படுப்பது இன்னும் பாதுகாப்பு. மஞ்சள் புகை வேண்டாம் அக்கா, வீங்கிய மூக்குக்குப் புகை எதுவும் ஆகாது. அறைக்குள் கொசுவத்தி எரிந்தால் அதையும் வெளியே வையுங்கள்.

ஈரம் வேண்டும் என்றால் அதை நேராக மூக்குக்குக் கொடுங்கள், அறைக்கு வேண்டாம். கொதிக்க வைத்து ஆற வைத்த அரை லிட்டர் தண்ணீரில், தட்டையாக ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேர்க்காத உப்பைக் கரையுங்கள். படுக்கப் போகும் முன் ஒவ்வொரு துளையிலும் மெதுவாக விட்டுக் கழுவி, தலையைக் குனிந்து வடிய விடுங்கள். பைப் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள். ஸ்டீராய்டு ஸ்பிரே இருந்தால் கழுவிய பிறகு அடியுங்கள்.

மெல்பர்ன்வாசி
ஏற்கனவே ஹியூமிடிஃபையர் வாங்கி வைத்திருப்பவர் என்ன செய்வது? வீசி எறிய மனம் வராதே.

பழைய டிரெசர்
உங்கள் ஊரில் வையுங்கள், ஈரப்பதம் 40, 50க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். தொட்டியில் தினமும் தண்ணீர் மாற்றி, கழுவிக் காய வையுங்கள். அழுக்குத் தொட்டி அங்கிருக்கும் கிருமியைக் காற்றில் தூவும். மேசையில் வெள்ளைத் தூள் படிந்தால் அது தண்ணீரிலுள்ள உப்புச்சத்து, காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் குறையும்.

சிப்புட் மகள்
பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். இடது துளைக்கு ஸ்பிரேயை நிறுத்தினோம். முதல் நான்கு இரவு அப்பா கோபமாகவே இருந்தார், ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டிலைக் கேட்டுச் சண்டை போட்டார். ஆறாம் நாளிலிருந்து இடது பக்கம் தானாகத் திறக்கிறது. கட்டிலுக்கு மரக்கட்டை வைத்திருக்கிறோம், கழுத்து வலி போய்விட்டது. கிளினிக்கில் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்தார்கள். முந்தாநாள் வலது பக்கமும் நிறுத்தினோம், அது இன்னும் முழுக்க அடைத்தே இருக்கிறது. அவருக்குச் சின்ன வயதில் மூக்கில் அடிபட்டதாம், நடுச்சுவர் வலது பக்கம் வளைந்திருக்கலாம் என்று கிளினிக்கில் சந்தேகப்படுகிறார்கள். ஈப்போவில் மூக்கு நிபுணரைப் பார்க்கக் கடிதம் தந்திருக்கிறார்கள்.

கம்பார் அண்ணன்
கட்டை வைத்த பிறகு அவர் கால்பக்கமாக வழுக்கி வருகிறாரா? என் அம்மாவுக்கும் செய்யலாம் என்று பார்க்கிறேன்.

சிப்புட் மகள்
முதல் இரண்டு நாள் வழுக்கினார் அண்ணே. வழுக்கும் விரிப்பை எடுத்துவிட்டுப் பருத்தி விரிப்பு போட்டு, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்று வைத்தேன், நின்றுவிட்டது.