‘ஈக்விட்டி மெத்தட்’ தமிழில்: ‘பங்கு முறை’ போதுமா?

தண்டையார்பேட்டை, மாலை வகுப்பு ஆசிரியை:

வணக்கம். வணிகவியல் மாணவர்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். இணை நிறுவனத்தில் செய்த முதலீட்டைக் கணக்கில் காட்டும் ‘ஈக்விட்டி மெத்தட்’ வந்ததும் பேனா நின்றுவிட்டது. சென்ற வாரம் கரும்பலகையில் ‘பங்கு முறை’ என்று எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, “சந்தையில் பங்கின் விலை ஏறினால் லாபம், இறங்கினால் நட்டம், அப்படித்தானே?” என்றாள். இந்த முறை சந்தை விலையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. வேறு சொல் தாருங்கள்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி:

அம்மா, நான் பார்த்த பேலன்ஸ் ஷீட்களில் முதலீடு வாங்கிய விலையிலேயே நிற்கும். ஈவுத்தொகை வந்தால் வருமானம். கைக்கு வராத பணத்தை லாபம் என்று எழுதுவதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதற்குப் பெயர் வேறு சூட்ட வேண்டுமா?

பாரிமுனை, தணிக்கையாளர்:

பெரம்பூர் ஐயா பார்த்தது தனிக் கணக்கு. அங்கே அவர் சொல்வது இன்றும் செல்லும். இந்தியத் தரநிலையின்படி தனிக் கணக்கில் இந்த முறையைக் கையாள இடமே இல்லை. குழுமத்தின் ஒருங்கிணைந்த கணக்கில்தான் இது வரும். 20 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை இருந்தால், அந்த நிறுவனத்தின் முடிவுகளில் நமக்குக் கணிசமான செல்வாக்கு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்பவர் அதை நிரூபிக்க வேண்டும்.

நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். எல்லாம் கற்பனை எண்கள். ராயபுரத்து மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, ஒரு ஐஸ் கம்பெனியில் 25 சதவீதத்தை 60 லட்சத்துக்கு வாங்குகிறது. ஐஸ் கம்பெனியின் சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சுவது 200 லட்சம். அதில் கால் பங்கு 50 லட்சம். கூடுதலாகக் கொடுத்த 10 லட்சம் நற்பெயருக்கான விலை. அது தனியாக நிற்காமல் அந்த 60-க்குள்ளேயே அடங்கிவிடும்.

முதல் ஆண்டில் ஐஸ் கம்பெனிக்கு வரி போக லாபம் 32 லட்சம். நமக்குரிய 8 லட்சம் நம் லாபநட்டக் கணக்கில் ஒரே வரியாக ஏறும். முதலீடு 68 ஆகும். பிறகு அவர்கள் 12 லட்சம் ஈவுத்தொகை அறிவிக்கிறார்கள், நமக்கு 3 லட்சம் வருகிறது. அதை மறுபடி வருமானம் என்று எழுதினால் ஒரே லாபத்தை இருமுறை எண்ணியதாகும். ஆகவே வங்கி இருப்பு 3 கூடும், முதலீடு 65-க்கு இறங்கும். நான் பார்த்த பிழைகளில் பாதி இந்த இடத்தில்தான். சரிபார்க்க எளிய வழி உண்டு. ஐஸ் கம்பெனியின் நிகர சொத்து இப்போது 220, அதில் கால் பங்கு 55, அதோடு அந்த 10. ஆக 65. கணக்கு ஒட்டவில்லை என்றால் ஈவுத்தொகை தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காசிமேடு, கணக்கு எழுதுபவர்:

சார், என் தாத்தா விசைப்படகில் போனவர். எங்கள் பக்கம் ‘பங்கு’ என்றால் மீன் விற்று, டீசல், ஐஸ் செலவு கழித்து, அன்றே கையில் எண்ணிக் கொடுப்பது. ஏட்டில் மட்டும் இருக்கும் பங்கை யாரும் பங்கு என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லும் 8 லட்சத்தில் 3 லட்சம்தான் எங்கள் பங்கு. அந்தச் சொல் வேண்டாம்.

திருவொற்றியூர், வாசகர்:

நானும் ஒரு கம்பெனியில் நூறு பங்கு வைத்திருக்கிறேன். அதன் லாபத்தையும் நான் எழுத வேண்டுமா?

பாரிமுனை:

வேண்டாம் ஐயா. நூறு பங்கை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் முடிவுகளில் நீங்கள் தலையிட முடியாது. கேள்வி வேறு.

தண்டையார்பேட்டை:

ஆங்கிலத்தில் இதைச் செல்லமாக ஒரே வரியில் ஒருங்கிணைப்பது என்பார்களே, ‘ஒற்றைவரி முறை’ என்று வைத்தால்?

பெரம்பூர்:

மாணவர்கள் புதிதாக ஏதோ வரி போட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள்! ‘உரிமைப்பங்கு முறை’?

பாரிமுனை:

உரிமைப்பங்கு என்பது ஏற்கெனவே பங்குதாரர்களுக்கு முன்னுரிமையாக வெளியிடும் பங்குக்குப் போய்விட்டது. ‘ஈக்விட்டி’ இங்கே பங்குப் பத்திரம் அல்ல. சொத்தில் கடன் போக எஞ்சும் உரிமை. ஆகவே ‘எஞ்சுரிமை முறை’ என்கிறேன்.

தண்டையார்பேட்டை:

வினைத்தொகை, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சியது என்றாலே மிச்சம்மீதி என்ற நினைப்பும் வருகிறது. நட்டம் வந்தால் இந்தச் சொல் தாங்குமா?

பாரிமுனை:

முக்கால்வாசி தாங்கும். அடுத்த ஆண்டு ஐஸ் கம்பெனிக்கு 300 லட்சம் நட்டம் என்று வையுங்கள். நம் கால் பங்கு 75. ஆனால் ஏட்டில் இருப்பது 65 மட்டுமே. ஆகவே 65 வரை நட்டமாக எழுதி, முதலீட்டைச் சுழியத்தில் நிறுத்துவோம். மீதி 10 லட்சம் கணக்கில் ஏறாது, குறிப்பில் மட்டும் இருக்கும். மூன்றாம் ஆண்டு நம் பங்கு லாபம் 6 என்றால் எதையும் எழுத முடியாது. பாக்கி 4 ஆகிறது, அவ்வளவுதான். நான்காம் ஆண்டு 7 வந்தால் 4 அதில் கழிந்து, 3 மட்டும் லாபமாக ஏறும். மூன்றாம் ஆண்டிலேயே 6-ஐ எழுதி மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் சொல்லுக்கு எதிராக நானே ஒன்று சொல்ல வேண்டும். ஐஸ் கம்பெனியில் எஞ்சுவது 220 லட்சம் நட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது. நம் ஏடு 260 வரை தாங்கியது, உள்ளே அந்த நற்பெயர் 10 இருந்ததால். எஞ்சுரிமையும் ஏட்டு மதிப்பும் ஒன்றல்ல.

காசிமேடு:

எங்கள் முதலாளி அந்த மாதிரி ஒரு கம்பெனியின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்போதும் சுழியத்தில் நிற்கலாமா?

பாரிமுனை:

முதலீடு செய்திருக்கும் நிறுவனத்தின் பெயரில் ஜாமீன் என்றால் நிற்க முடியாது. அந்த 10 லட்சத்தில் ஜாமீன் நம்மைக் கட்டுப்படுத்தும் அளவை நட்டமாகவும் பொறுப்பாகவும் எழுத வேண்டும். முதலாளி தன் சொந்தப் பெயரில் போட்டிருந்தால் கதை வேறு. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள் தம்பி, அதில் யார் பெயர் என்று.

பெரம்பூர்:

நான் இன்னும் ‘நிகரமதிப்பு முறை’ பக்கம்தான். பேச்சில் அடிபடும் சொல்.

பாரிமுனை:

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் அடிபடுகிறது, அதுதான் சிக்கல். ஆசிரியையின் மாணவி மறுபடி சந்தை விலைக்கே போய்விடுவாள்.

தண்டையார்பேட்டை:

நாளைய வகுப்பில் ‘எஞ்சுரிமை முறை’ என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ‘ஈக்விட்டி முறை’ என்றும் தமிழிலேயே எழுதப்போகிறேன். தேர்வுத்தாளில் எது வருமோ தெரியாது. பெரம்பூர் ஐயாவுக்கு மனமில்லை என்பது புரிகிறது.

காசிமேடு:

பத்திரத்தை எடுத்தேன். எங்கள் கம்பெனியின் முத்திரைதான் இருக்கிறது. கணக்கில் ஏறாத அந்த 10 லட்சத்துக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள் சார். ‘எழுதா நட்டம்’ என்றால் மறந்துபோன நட்டம் மாதிரி கேட்கிறது.