பழைய லேப்டாப் டிஸ்க் அழிப்பு: ஆடிட்டர் ஏற்கும் சான்று எப்படி வாங்குவது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் சென்னை அலுவலகத்தில் 40 பழைய லேப்டாப்புகளைக் கழிக்க வேண்டும். அடுத்து ஐஎஸ்ஓ 27001 ஆடிட் வருகிறது.

எல்லாமே என்விஎம்இ எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க் போல மேலெழுதினால் போதாது. இயக்க முறைமைக்குத் தெரியாத உபரிச் செல்களில் பழைய தரவு தங்கிவிடும். அதனால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்க்கின் கன்ட்ரோலரையே அழிக்கச் சொல்கிறோம்:

```
nvme sanitize /dev/nvme0 -a 2
nvme sanitize-log /dev/nvme0
```

லாகில் SSTAT 0x101 என்று வந்தால் அழிப்பு முடிந்தது. அந்த வெளியீட்டை டிஸ்க் சீரியல் எண்ணோடு கோப்பாகச் சேமிக்கிறோம். இதுவரை சரி.

சிக்கல் 3 டிஸ்க்குகளில். பயாஸிலேயே தெரிவதில்லை, ஆக மென்பொருளால் அழிக்க வழியில்லை. டிரில் போடலாம் என்கிறார் ஒருவர். ஆனால் துளை மெமரி சிப்பைத் தொடாமல் போனால் தரவு அப்படியே இருக்கும். துகளாக்கித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் பேசிய மறுசுழற்சி நிறுவனம் தரும் சான்றிதழில் "மின்கழிவு, இத்தனை கிலோ" என்று மட்டுமே இருக்கிறது. கிலோ கணக்கு மின்கழிவு விதிகளுக்கு உதவலாம். ஆடிட்டர் கேட்பதோ எந்த டிஸ்க், எந்த முறை, யார், எந்தத் தேதி. லேப்டாப்பின் சீரியல் இருந்தாலும் போதாது, டிஸ்க்கை இடையில் மாற்றியிருப்போமே!

சென்னையில் நம் கண்முன்னே துகளாக்கி, டிஸ்க் சீரியல் வாரியாகச் சான்று தரும் பதிவுபெற்ற நிறுவனம் தெரியுமா? துகள் அளவையும் சான்றில் எழுதித் தருவார்களா? அப்புறம், சீரியல் லேபிள் கிழிந்துபோன டிஸ்க்கைப் பதிவேட்டில் எப்படிக் காட்டினீர்கள்?