புதுப்பிப்பு: சரிவு அஸ்திவாரக் கன அளவு

என் கேள்வி: "சரிவுப் பகுதிக்கு ஒப்பந்ததாரர் 0.6375 கன மீட்டர் கான்கிரீட் என்று கணக்குப் போடுகிறார். சரியா?"

இல்லை. அடி 2×2 மீ, மேல் 0.5×0.5 மீ, உயரம் 0.3 மீ. மேல், கீழ்ப் பரப்புகளின் சராசரியை உயரத்தால் பெருக்கியிருக்கிறார். கீழ், மேல் பரப்புகளோடு நடுப்பரப்பின் நான்கு மடங்கையும் கூட்டி, உயரத்தின் ஆறில் ஒரு பங்கால் பெருக்கும் பிரிஸ்மாய்டல் சூத்திரத்தைச் சொன்ன நண்பரும் நடுப்பரப்பாக அதே சராசரியை, 2.125-ஐ, வைத்தார், விடை மாறவேயில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார்: சராசரி எடுக்க வேண்டியது பக்கங்களுக்கு. நடுப்பக்கம் 1.25 மீ, பரப்பு 1.5625.

V = 0.3/6 × (4 + 4×1.5625 + 0.25) = 0.525

ஓர் அஸ்திவாரத்துக்கே 0.1125 கன மீட்டர் மிகை! பிரமிடு வடிவப் பீடத்துக்கும் இதே வழிதான். படிக்கட்டு போல் அடுக்கிய தம் அஸ்திவாரத்தைப் பற்றி இங்கே கேட்ட ஒருவருக்கு இது தேவையில்லை. படிகளைத் தனித்தனிக் கட்டைகளாகக் கூட்டினால் போதும்.

கரணையால் இழுத்த சரிவு புடைத்திருந்தால் வரைபட அளவையா, கட்டுமிடத்தில் எடுத்த அளவையா கணக்கில் கொள்வது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை.