உக்ரைன் திருமணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பெயர் எழுத்துக் குழப்பம்: உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

வின்னித்சியா மாப்பிள்ளை

உக்ரைனின் திருமணப் பதிவு அலுவலகமான ராட்ஸ் கொடுக்கும் சான்றிதழைக் கையில் வாங்கியவர்களுக்கு அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வின்னித்சியாவில் மருத்துவம் படித்தேன், அங்கேயே 2019-இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். பிறகு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. மனைவியை அழைத்துக்கொள்ள அந்தச் சான்றிதழை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியிருந்தது. ஊரில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் கொடுத்து, நோட்டரி முத்திரையோடு, நூல் கோத்துத் தைத்த தாள்களாக வாங்கியும் விட்டோம்.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஓர் ஆலோசகரிடம் காட்டினேன். அவர் கடவுச்சீட்டை இடப்பக்கமும் மொழிபெயர்ப்பை வலப்பக்கமும் வைத்து, பென்சிலை எடுத்து, ஒரே ஓர் h எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "யார் இந்த முருஹன்?" என்று கேட்டார்.

கடவுச்சீட்டில் நான் Jeyakumar Murugan. சான்றிதழில் Джеякумар Муруган. மொழிபெயர்ப்பிலோ Dzheiakumar Muruhan. என் இயற்பெயரைப் பார்த்தபோது எனக்கே வாய்விட்டுப் படிக்க வரவில்லை. அடுத்ததில் வேடிக்கை என்னவென்றால், நம் ஊர்ப் பேச்சில் முருகனை முருஹன் என்று சொல்பவர்கள் உண்டு. உச்சரிப்பில் குற்றம் சொல்லவே முடியாது. ஆனால் விசா அதிகாரி உச்சரிப்பைக் கேட்கப்போவதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார். தைத்த தாளில் ஓர் எழுத்தை மட்டும் மாற்ற வழியில்லை என்றார்கள். முழுவதையும் மறுபடி செய்து, மறுபடி பணம் கட்டினேன். தவறு யாருடையது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காரைக்குடி வழக்கறிஞர்

நண்பரே, தவறு யாருடையதும் அல்ல. மொழிபெயர்ப்பாளர் சட்டப்படியே நடந்துகொண்டிருக்கிறார். உக்ரைன் எழுத்துகளை லத்தீன் எழுத்தில் மாற்றுவதற்கு அந்நாட்டு அமைச்சரவை 2010 சனவரி 27 அன்று 55-ஆம் எண் தீர்மானத்தைப் பிறப்பித்தது. அதன்படி Г என்றால் H, Ж என்றால் Zh, சொல்லின் நடுவே Я வந்தால் ia. எனவே Муруган என்பது Muruhan ஆவதைத் தவிர வேறு வழியில்லை. ஆவணத்தில் உள்ளதை உள்ளபடி தர வேண்டியவர் தன் விருப்பத்துக்கு எழுத்தை மாற்றினால் அது மொழிபெயர்ப்பே அல்ல, திருத்தம்.

என் உறவினர் ஒருவருக்கு இதே சிக்கல் வந்தபோது, இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று முத்திரைத் தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இங்கே நோட்டரியிடம் கையொப்பம் பெற்று இணைத்தோம். நீங்களும் மறுபடி பணம் கட்டியதற்குப் பதில் அதைச் செய்திருக்கலாம். உறுதிமொழியில் பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், சான்றிதழின் வரிசை எழுத்துகளும் எண்ணும், பதிவேட்டு எண், பதிவு நடந்த நாள், இரு சாட்சிகளின் முகவரி ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். பழைய பள்ளிச் சான்றிதழின் நகலும் இருந்தால் நல்லது. பெயரில் முன்னெழுத்து இருப்பவர்கள் அதன் விரிவையும் அதே பத்திரத்தில் சேர்த்துக்கொள்வது பின்னாளில் வேறு பல இடங்களில் உதவும்.

ஒடேசா மருமகள்

வழக்கறிஞர் ஐயா தீர்மானத்தைச் சரியாகச் சொல்கிறார். அதைப் பொருத்திய இடம்தான் சரியில்லை. போருக்கு முன்பு சில ஆண்டுகள் ஒடேசாவில் மொழிபெயர்ப்பு வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஊர்ப்பெயருக்கும் பதிவாளர் பெயருக்கும் 55-ஆம் எண் தீர்மானமே வழி. ஆனால் கணவன், மனைவி பெயர்களுக்கு நாங்கள் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பதே கடவுச்சீட்டின் நகலைத்தான். அதில் லத்தீன் எழுத்தில் என்ன இருக்கிறதோ அதையே எழுதி, பெயர்கள் கடவுச்சீட்டின்படி எழுதப்பட்டன என்று அடியில் ஒரு குறிப்புச் சேர்ப்போம். நகல் தரப்படாவிட்டால் மட்டுமே தீர்மானத்தின்படி எழுதுவோம். வின்னித்சியா அண்ணனிடம் அந்த நிலையம் கடவுச்சீட்டைக் கேட்டதா என்பதே என் கேள்வி.

தவறு எங்கே தொடங்கியது என்று கேட்டீர்கள். திருமணத்துக்கு முன் உங்கள் கடவுச்சீட்டை உக்ரைன் மொழியில் பெயர்த்து, நோட்டரி முத்திரையோடு ராட்ஸில் கொடுத்திருப்பீர்கள். சான்றிதழில் இருக்கும் சிரில்லிக் எழுத்துகள் அந்த மொழிபெயர்ப்பிலிருந்து வந்தவை. அதாவது உங்கள் பெயர் லத்தீனிலிருந்து சிரில்லிக்குக்குப் போய், மறுபடி லத்தீனுக்குத் திரும்பியிருக்கிறது. போகும்போது j ஒலிக்கு ஒற்றை எழுத்து இல்லாததால் Дж ஆனது. திரும்பும்போது அது Dzh ஆனது. g-க்கு Ґ என்று தனி எழுத்து உண்டு. அதை இட்டிருந்தால் தீர்மானத்தின்படியே Murugan வந்திருக்கும். 2019-இல் வந்த புதிய எழுத்திலக்கணம் பிறமொழி ஆட்பெயர்களில் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனாலும் பழக்கத்தால் பெரும்பாலோர் Г-யையே போடுகிறார்கள்.

கடவுச்சீட்டின்படி எழுதுவது திருத்தம் ஆகாது. புறப்பட்ட இடத்துக்கே பெயரைத் திருப்பி அனுப்புகிறோம், அவ்வளவுதான். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு, அதைப் பற்றி எழுதத்தான் வந்தேன். ஒருமுறை வந்தவருடைய கடவுச்சீட்டில் Rajendran. சான்றிதழில் Раджедран; நடுவில் ஓர் н விடுபட்டிருந்தது. கடவுச்சீட்டின்படி எழுதுங்கள் என்றார், ஆறு நாளில் விமானம் என்றார். நான் மறுத்துவிட்டேன். அங்கே எழுத்துமுறை வேறுபடவில்லை, பதிவேட்டுப் பெயரே பிழையாக இருக்கிறது. அதை நான் மறைத்தால் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிடும் எவரும் கண்டுபிடித்துவிடுவார். பதிவேட்டில் மாற்றம் செய்யக் கோரி ராட்ஸில் விண்ணப்பித்து, புதுச் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றேன். மேசையில் கிடந்த தாளை அள்ளிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் போய்விட்டார். வேறெங்கோ செய்துகொண்டு பயணப்பட்டாரா, திருத்தினாரா, தெரியவில்லை. குறிப்பு எழுதியாவது கொடுத்திருக்கலாமோ என்று அவ்வப்போது தோன்றும்.

மதுரை ஓய்வாசிரியை

என் மருமகள் உக்ரைன் பெண். அவளுடைய பழைய கடவுச்சீட்டில் பெயர் Iuliia. சான்றிதழை அதன்படியே பெயர்த்து வைத்திருந்தோம். காலாவதியாகிப் புதுக் கடவுச்சீட்டு வந்தபோது அதில் Yuliia. இரண்டுமே Юлія தான், ஒரே அரசாங்கம் கொடுத்ததுதான். விசா விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிவிட்டு, ஆவணங்களை இணைக்கும் நேரத்தில்தான் என் மகன் அதைக் கவனித்தான். இரவு பதினொரு மணிக்கு அந்தப் பெண் சமையலறையில் நின்று, "எனக்கு எத்தனை பெயர், அத்தை?" என்று கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. நான் உக்ரைன் மொழி அறியாதவள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

வழக்கறிஞர் தம்பி சொல்லும் உறுதிமொழிப் பத்திரத்தையும் நாங்கள் எழுதிப் பார்த்தோம். அதைப் பார்த்த ஆலோசகர், இந்திய முத்திரைத் தாளில் ஓர் உக்ரைன் குடிமகளின் பெயரை நாமே உறுதி செய்து என்ன பயன் என்று கேட்டார். கடைசியில் புதுக் கடவுச்சீட்டின்படி மறுபடி பெயர்த்து, பழைய எழுத்தையும் பழைய கடவுச்சீட்டு எண்ணையும் குறிப்பில் சேர்த்தோம்.

ஒடேசா மருமகள்

அம்மா, நீங்கள் செய்தது சரிதான். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போதே, முந்தைய எழுத்துமுறை தொடர வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பழைய கடவுச்சீட்டைச் சான்றாகக் காட்ட அங்கே வழி உண்டு. கேட்காதவர்களுக்குத் தீர்மானத்தின்படி வந்துவிடும். இனிப் புதுப்பிக்கப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் மகனின் குடும்பப்பெயரை அவள் ஏற்றுக்கொண்டிருந்தால் இருவருக்கும் ஒரே எழுத்து. உக்ரைன் தம்பதியரில் கணவர் Kovalskyi ஆகவும் மனைவி Kovalska ஆகவும் இருப்பார்கள். அது பெண்பால் வடிவம். எழுத்துப் பிழை என்று நினைத்து ஒன்றாக்கிவிட்ட ஒரு மொழிபெயர்ப்பை நான் பார்த்திருக்கிறேன்.

அம்பத்தூர் ராஜன்

எனக்கும் பெயர்ச் சிக்கல்தான். எங்கள் திருமணம் சென்னையில் பதிவானது, சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்கிறது. மனைவி உக்ரைனியர். அதை உக்ரைன் மொழியில் பெயர்த்து அவருடைய ஊரில் கொடுக்க வேண்டும். இங்கேயே பெயர்க்கலாமா, அங்கேதான் பெயர்க்க வேண்டுமா?

வின்னித்சியா மாப்பிள்ளை

ராஜன், உங்களுடையது எதிர்த்திசைப் பயணம். ஆனால் மேலே சகோதரி சொன்னதைப் பாருங்கள்: உங்கள் பெயருக்கு முதன்முதலில் வரும் சிரில்லிக் எழுத்துதான் பிறகு எல்லா இடத்துக்கும் போகும். g இருந்தால் Ґ கேட்டு வாங்குங்கள்.

சகோதரியின் கேள்விக்கு: அந்த நிலையம் என் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. சான்றிதழை மட்டும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வழக்கறிஞர் ஐயா சொல்வதுபோல் அவர்கள் விதிப்படி நடந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் Jeyakumar என்ற பெயரை Dzheiakumar என்று தட்டச்சு செய்யும்போது கை ஒரு கணம் நிற்காதா?

இரண்டாம் முறையும் முழுதாகத் தேறவில்லை. என் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. இரண்டு பெயர்களும் இயற்பெயர்க் கட்டத்தில் இருக்கின்றன. ராட்ஸ் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று சொல்லி, அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராக்கிவிட்டார்கள். எழுத்து இப்போது பொருந்துகிறது, கட்டம் பொருந்தவில்லை.

காரைக்குடி வழக்கறிஞர்

அதைத்தான் நான் முன்பே சொன்னேன். கட்டத்தையும் மொழிபெயர்ப்பாளர் மாற்ற வேண்டும் என்பீர்களா?

ஒடேசா மருமகள்

மாற்றக் கூடாது ஐயா, இதில் உங்களோடு உடன்படுகிறேன். சான்றிதழில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அது அப்படியே வர வேண்டும். எழுத்துமுறை மட்டும் கடவுச்சீட்டிலிருந்து. கட்டம் மாறியதைக் குறிப்பில் ஒரு வாக்கியமாகச் சொல்லலாம்.

அண்ணா, இங்கிலாந்துக்கு என்பதால் ஒன்றைச் சரிபாருங்கள். நோட்டரி முத்திரை மொழிபெயர்ப்பாளரின் கையொப்பம் மெய்யானது என்று மட்டும்தான் சொல்கிறது, உள்ளடக்கம் சரி என்று சொல்லவில்லை. அந்நாட்டுக் குடிவரவுத் துறை கேட்பது, இது துல்லியமான மொழிபெயர்ப்பு என்று மொழிபெயர்ப்பாளரே தரும் உறுதிமொழி, தேதி, முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம். தைத்த தாளில் தொலைபேசி எண் இல்லாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திருச்சி மருத்துவர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மாமனார், மாமியார் திருமணச் சான்றிதழ் 1986-ஆம் ஆண்டினது, சோவியத் காலத்துப் படிவம். படிவத்தில் உக்ரைன், ரஷ்ய மொழிகள் இரண்டும் அச்சாகியுள்ளன, ஆனால் பெயர்களை ரஷ்யத்தில் மட்டும் பேனாவால் நிரப்பியிருக்கிறார்கள். மாமனார் அதில் Николай. இன்றைய கடவுச்சீட்டில் Mykola. கடவுச்சீட்டின்படி Mykola என்று எழுதலாமா, Nikolai என்றுதான் எழுத வேண்டுமா? ஒரு நிலையம் எழுதித் தருகிறேன் என்கிறது, இன்னொன்று மறுக்கிறது. ஊர்ப்பெயரும் சான்றிதழில் தினிப்ரோபெத்ரோவ்ஸ்க்.

ஒடேசா மருமகள்

ஊர் எளிது: 2016-இல் தினிப்ரோ ஆனாலும், தாளில் உள்ள பழைய பெயரே வர வேண்டும். மாமனார் பெயரில் எனக்கே இரு மனம். இரண்டும் ஒரே பெயரின் இரு மொழி வடிவங்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுத்துகள் வேறு, ராஜேந்திரனின் விடுபட்ட н போல. நானாக இருந்தால் Nikolai என்று எழுதி, கடவுச்சீட்டில் Mykola என்று குறிப்பிடுவேன். என்னோடு வேலை செய்தவர் நேர்மாறாகச் செய்வார். அவர் செய்ததும் எங்கும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

காரைக்குடி வழக்கறிஞர்

அப்படியானால் ராஜேந்திரனுக்கு மட்டும் ஏன் குறிப்பு எழுதித் தரவில்லை?