சரிகூரைச் சாற்றுப் பெட்டிக்குப் பெயர்: ‘கூம்பு’ பொருந்துமா?

தொடங்கியவர்:
அன்புடையீர், வணக்கம். சிறிய பழச்சாறு நிறுவனம் ஒன்றின் 200 மி.லி. அட்டைப் பெட்டிக்கான வடிவமைப்புக் குறிப்பைத் தமிழில் எழுதி வருகிறேன். பெட்டியின் மேற்பகுதி இருபுறமும் சரிந்து, உச்சியில் ஒரு பட்டையாகச் சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். பக்கவாட்டில் உறிஞ்சுகுழல் ஒட்டியிருக்கும். முன்பக்கத்துப் பெயரும் படமும் எட்டி நின்று பார்த்தாலும் தெளிவாகத் தெரிய வேண்டும். இப்போதைக்குக் ‘கூம்புப் பெட்டி’ என்று எழுதியுள்ளேன். பொருந்துமா?

ஆசிரியர் ஒருவர்:
கூம்பு ஒரு புள்ளியில் முடியும். நீங்கள் சொல்லும் பெட்டி ஒரு கோட்டில் முடிகிறது. ஆகவே அது பிழை. எல்லாரும் ‘டெட்ரா பேக்’ என்றுதானே சொல்கிறார்கள், அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அட்டைப்பெட்டி வடிவமைப்பாளர்:
கூம்பைப் பற்றி ஐயா சொன்னது சரி. ஆனால் டெட்ரா பேக் ஒரு நிறுவனத்தின் பெயர். மக்கள் அந்தப் பெயரால் சுட்டுவது பெரும்பாலும் தட்டையான தலையுள்ள செங்கல் வடிவப் பெட்டியை. இங்கே பேசப்படும் வடிவம் அதற்கும் முந்தையது. அமெரிக்காவில் 1915-இலேயே காப்புரிமை பெற்றது. அச்சிட்டு மடித்துவரும் அட்டையை விரித்து, அடியை ஒட்டி, சாறு நிரப்பியபின் உச்சியிலுள்ள பாலிஎத்திலீன் பூச்சைச் சூடாக்கி அழுத்தினால் மூடிக்கொள்ளும். அந்த உச்சிக் கோட்டுக்கு ‘முகடு’ என்னும் வீட்டுச் சொல்லே போதும்; எனவே ‘முகட்டுப் பெட்டி’. சாய்ந்த இரு பலகைகளைச் ‘சரிவு’ எனலாம்.

பெயரைவிட ஒரு சிக்கலை உங்கள் குறிப்பு முதலில் தீர்க்க வேண்டும். அடி 57 மி.மீ. சதுரம், சுவர் உயரம் 70 மி.மீ., சரிவு 45 பாகை என்று வைத்துக்கொள்வோம். குழல் நுழையும் துளை சரிவின் நடுவில் இருந்தால், சரிவுக்குச் செங்குத்தாகக் குத்திய குழல் எதிர்ச்சுவரில் ஏறக்குறைய 41 மி.மீ. உயரத்திலேயே முட்டி நின்றுவிடும். பாதிக்கு மேற்பட்ட சாறு அதற்குக் கீழே தங்கிவிடும். குழலைச் சாய்த்து எதிர்ச்சுவரின் அடிவரை கொண்டுபோக உள்ளே 94 மி.மீ. வேண்டும், வாயில் வைக்க 30 மி.மீ. சேர்த்தால் குழல் 124 மி.மீ. ஆகிறது. பக்கச் சுவரோ 70 மி.மீ.; குறுக்காக ஒட்டினாலும் 90 மி.மீ.தான். ஆகவே நேர்க்குழல் ஒட்ட இடமில்லை. மடித்து ஒட்டும் நெளிகழுத்துக் குழலோ, ஒன்றினுள் ஒன்று நுழையும் இரட்டைக் குழலோதான் ஆகும். சாய்க்கும்போது வட்டத் துளையின் விளிம்பு கிழிந்து சாறு கசியலாம் என்பதால், துளையைச் சற்று நீள்வட்டமாக வைப்பது நல்லது.

இன்னொருவர்:
காகிதக் குழல்கள் சிறிது நேரத்தில் ஊறி நசுங்குகின்றன. இதற்குத் தமிழில் ஒரு சொல் தேவைதான்.

தொடங்கியவர்:
அதைத் தனி இழையில் பேசுவோம், நண்பரே. வடிவமைப்பாளருக்கு ஒரு கேள்வி: துளையை முன்சரிவில் வைத்தால் பெயரின் மேல் விழாதா?

வடிவமைப்பாளர்:
விழும். துளையைப் பின்சரிவில் வையுங்கள். குழலைப் பக்கச் சுவரில் ஒட்டுங்கள். முன்சுவரும் முன்சரிவும் அச்சில் ஒரே தொடர்ச்சியாகத் தெரியும். ஆனால் கண்மட்டத்துக்கு மேலுள்ள தட்டில் முன்சரிவு பின்னோக்கிச் சாய்ந்து குறுகித் தெரியும். கீழ்த்தட்டில் முதலில் அதுதான் கண்ணில் படும். ஆகவே பெயரைச் சுவரில் முழுதாக எழுதி, சரிவில் படம் அல்லது சுவையின் பெயரை மட்டும் வைக்கலாம். பெயரைச் சுவருக்கும் சரிவுக்கும் இடையிலுள்ள மடிப்புக் கோட்டின் குறுக்கே ஓடவிடாதீர்கள். மடிப்பில் எழுத்து உடையும். முகட்டுப் பட்டையிலும் படம் வேண்டாம். அங்கே சூடும் அழுத்தமும் படும்.

அச்சகத்தில் பணிபுரிபவர்:
‘முகட்டு’, ‘முகப்பு’ என்னும் இரண்டும் ஒரே வரைபடத்தில் வந்தால் எங்கள் ஆட்கள் குழம்புவார்கள். சிறிய எழுத்தில் ‘ட்டு’வும் ‘ப்பு’வும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு முறை சரிவில் வர வேண்டிய படம் முன்சுவருக்குப் போனது. அட்டைகள் முழுவதும் வீணாயின. முன்பக்கத்தை ‘முகப்பு’ என்னாமல் ‘முன்சுவர்’ என்றே எழுதுங்கள்.

ஆசிரியர்:
அப்படியானால் ‘கூரைமுடிப் பெட்டி’ எனலாமே? குழப்பமே இராது.

வடிவமைப்பாளர்:
இராதுதான். ஆனால் கூரை என்பது சரிவுகளையும் சேர்த்த முழுப்பகுதி; எனக்கு ஒட்டும் கோட்டை மட்டும் தனியே குறிக்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் பெயராக உங்கள் சொல்லும், கோட்டுக்கு ‘முகடு’ம் இருக்கட்டும்.

தொடங்கியவர்:
முன்சுவர், முன்சரிவு, பின்சரிவு, முகடு ஆகிய நான்கையும் வரைபடத்தில் ஏற்றிவிட்டேன். பெட்டியின் பெயரை நிறுவனத்தாரிடம் இரண்டாகவே காட்டுகிறேன். பக்கங்களில் உள்நோக்கி மடியும் முக்கோணத்துக்கு மட்டும் இன்னும் பெயரில்லை. ‘மடிசெவி’ என்று எழுதிப் பார்த்தேன். எடுத்துப் பிடிக்கும் காதாக யாரும் எண்ணிவிடுவார்களோ என்ற ஐயம் இருக்கிறது.