பொங்கல் விழா ஸ்பான்சர்: மனம் கோணாமல் எப்படி மறுப்பது?

பெரம்பூரில் ஹார்டுவேர் கடை. தெரு இளைஞர் மன்றத் தம்பிகள் பொங்கல் விளையாட்டு விழா நோட்டீஸில் கடை பெயர் போட 10,000 ரூபாய் கேட்கிறார்கள். இந்த வருடம் முடியாது. "பார்க்கலாம்" என்றால் சரி என்றே எடுத்துக்கொள்வார்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டால் பிறகு மறுப்பது இரண்டு பக்கமும் சங்கடம். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரிலேயே சொல்லப் போகிறேன். இப்படி:

"தம்பி, உரிமையா வந்து கேட்டதுல ரொம்ப சந்தோஷம். இந்த வருஷம் பணமா தர முடியலப்பா. உறியடிக்கு 30 மீட்டர் கயிறும், கோடு போட சுண்ணாம்பும் கடையிலேருந்து எடுத்துக்கோங்க. பேரெல்லாம் போட வேணாம்."

காரணம் சொல்லவில்லை. "வியாபாரம் டல்" என்றால், "அப்போ 5,000 கொடுங்கண்ணே" என்று பேரம் ஆரம்பித்துவிடும்.

"அடுத்த வருஷம் செய்யலாம்" என்று சேர்த்தால் அது வாக்காகிவிடுமா? மன்றம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள், இந்தப் பேச்சில் எந்த இடம் உங்களுக்கு உறுத்தும்?